கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும்போது

சிவன் கோயிலில் பிராகாரம் சுற்றும்போது கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி இருப்பார். கல்லால மரத்தடியில் ஒரு காலைத் தொங்கவிட்டு முயலகன்மேல் ஊன்றி, மற்றதை மடித்து வைத்து அமர்ந்திருப்பார். காலடியில் சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்று நான்கு முனிவர்கள். வியாழக்கிழமை என்றால் கொண்டைக்கடலை மாலையும் நெய்விளக்குமாகக் கூட்டம் இருக்கும். நவக்கிரகத்துக் குருவும் இந்தக் குருவும் வேறு வேறு என்பதைப் பொருட்படுத்தாமல் மக்கள் இரண்டு பேரையும் ஒருவராகவே கும்பிடுகிறார்கள். அந்த மாலைக்குள் மறைந்துபோகும் ஒன்றைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க வேண்டும். அது அவருடைய முன் வலக்கை.

அந்தக் கையில் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொட்டு ஒரு வட்டமாகியிருக்கும். மற்ற மூன்று விரல்களும் நீண்டிருக்கும். உள்ளங்கை நம்மைப் பார்த்திருக்கும். இதுதான் சின்முத்திரை. சிற்ப நூல்களில் இதற்கு வியாக்யான முத்திரை என்றும் பெயர்; விளக்கம் சொல்லும் கை என்று பொருள். பேசாமலே பாடம் நடத்தும் ஆசிரியர் என்று இவரைச் சொல்கிறோம். இங்கே பாடம் இந்தக் கையில்தான் இருக்கிறது.

பாடம் என்ன என்பதைச் சைவ சித்தாந்தம் இப்படி விரித்துச் சொல்லும். கட்டைவிரல் பதி, அதாவது இறைவன். ஆள்காட்டி விரல் பசு, அதாவது உயிர். மிச்சமுள்ள மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்கள். கையைச் சும்மா விரித்துப் பாருங்கள்: ஆள்காட்டி விரல் அந்த மூன்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது, கட்டைவிரல் மட்டும் தள்ளி நிற்கிறது. ஆள்காட்டி விரல் அந்த மூன்றையும் விட்டு வளைந்து வந்து கட்டைவிரலைத் தொடும்போது உயிர் மலங்களிலிருந்து நீங்கி இறைவனைச் சேர்கிறது. வேதாந்திகளிடம் கேட்டால் அதே விரல்களுக்கு வேறு பெயர் சொல்வார்கள். ஆள்காட்டி விரல் சீவன், கட்டைவிரல் பரம்பொருள், மூன்று விரல்கள் சத்துவம், ராஜசம், தாமசம் என்ற முக்குணங்கள். சித்தாந்திக்கு உயிர் இறைவனைச் சேர்வது. வேதாந்திக்கு உயிரும் அதுவும் ஒன்றே என்று அறிவது. இரண்டு தத்துவங்களும் பெரிதாக முரண்படும் இடம் இது. இரண்டுக்கும் ஒரே கை இடம் கொடுத்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை விட்டுவிடக் கூடாது. 1914-இல் இந்து தெய்வப் படிமங்களைப் பற்றிப் பெரிய நூலை வெளியிடத் தொடங்கிய கோபிநாத ராவ், சின்முத்திரையையும் ஞானமுத்திரையையும் தெளிவாகப் பிரிக்கிறார். சின்முத்திரையில் உள்ளங்கை வெளியே, எதிரில் இருப்பவரை நோக்கித் திரும்பியிருக்கும். ஞானமுத்திரையில் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து, கை மார்புக்கு அருகில் இருக்கும். உள்ளங்கை நெஞ்சைப் பார்க்கும். முன்னது மாணவருக்குச் சொல்வது, பின்னது தான் உணர்வது. இன்றைய பேச்சில் இரண்டு பெயர்களும் கலந்துவிட்டன. பெயர் கலந்தாலும் பரவாயில்லை. கை யாரை நோக்கியிருக்கிறது என்று பார்த்தால் அது என்ன செய்கிறது என்பது பிடிபட்டுவிடும். கோயில், மேடை, தியானம் மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு வழி இது.

சிலையில் இதை அடையாளம் காணும்போது அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. சிவகாமி அம்மன் போன்ற செப்புத் திருமேனிகளின் வலக்கையைப் பார்த்துச் சின்முத்திரை என்று சொல்லிவிடுகிறார்கள். அது கடக முத்திரை. நடுவிரலைக் கவனியுங்கள். கடகத்தில் ஆள்காட்டி விரலோடு நடுவிரலும் வளைந்து கட்டைவிரல் பக்கம் வரும். விரல்களுக்கு நடுவில் ஒரு துளை போல இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி பூ வைப்பதற்காக. வழிபாட்டின்போது புதுப் பூவை அதில் செருகுவார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்ட அம்மனின் கையில் பூ இல்லாததால், அந்த வெறுங்கை வேறெதையோ சொல்வதுபோலத் தோன்றுகிறது. வீணாதர தட்சிணாமூர்த்தியின் கைகளும் இப்படித்தான். தனியாக வார்த்துப் பொருத்திய வீணை காணாமல் போயிருக்கும், பிடித்த கை மட்டும் காற்றில் நிற்கும்.

நால்வர் வரிசையிலும் கையே ஆளைச் சொல்லிவிடும். குழந்தையாக நின்று ஒரு விரலை மேலே நீட்டிக் காட்டுபவர் சம்பந்தர். பால் தந்தவர் யார் என்று கேட்ட தந்தைக்கு அந்த விரல் பதில். ஒரு கையில் சுவடியும் மறு கையில் சின்முத்திரையுமாக நிற்பவர் மாணிக்கவாசகர்.

இதே கை மலைகளையும் கடல்களையும் தாண்டியிருக்கிறது. பௌத்தத்தில் இதை விதர்க்க முத்திரை என்பார்கள். புத்தர் அறத்தை எடுத்துச் சொல்லும் கை. ஜாவாவின் போரோபுதூரில் நான்கு தளங்களிலும் திசைக்கொரு முத்திரையோடு இருக்கும் புத்தர்கள், ஐந்தாவது தளத்துக்கு ஏறியதும் நான்கு திசைகளிலும் இந்த ஒரே முத்திரைக்கு மாறிவிடுகிறார்கள். அங்கே 64 சிலைகள்.

கோயிலிலிருந்து நடன வகுப்புக்கு வந்தால் இந்தக் கைக்குப் பெயர் ஹம்சாஸ்யம், அன்னத்தின் முகம். நடனக்காரர்கள் முத்திரை என்பதைவிட ஹஸ்தம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். பரதநாட்டியம் கற்பவர்கள் மனப்பாடம் செய்யும் அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கை ஹஸ்தங்கள் 28. அவற்றில் இது ஒன்று. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தில் இதே அன்னக் கைக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர வேண்டும். அதனால் நூலின் பெயரைச் சொல்லாமல் ‘ஹம்சாஸ்யம் இப்படித்தான்’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

அபிநய தர்ப்பணம் இந்தக் கைக்குக் கொடுக்கும் பயன்களை வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். உபதேசம் இருக்கிறது, ‘அதுவே நான்’ என்ற உணர்வும் இருக்கிறது. அவற்றின் பக்கத்திலேயே தாலி கட்டுவது, விளக்குத் திரியைத் தூண்டுவது, நீர்த்துளி, முத்து, மல்லிகை, கோடு போடுவது, ஓவியம் தீட்டுவது, பொன்னை உரைகல்லில் உரசிப் பார்ப்பது, ‘இல்லை’ என்று சொல்வது எல்லாம் வருகின்றன. இரண்டு விரல் நுனியால் எதையெல்லாம் நுணுக்கமாகப் பிடிக்கிறோமோ, அந்த வேலைகள் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. பரம்பொருளையும் விளக்குத் திரியையும் ஒரே கையில் வைக்க நம் நடன நூலுக்குத் தயக்கம் இல்லை.

அப்படியானால் பார்ப்பவருக்கு எது என்று எப்படித் தெரியும்? பூக்கட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆடுபவர் முதலில் கடகாமுகத்தால் செடியிலிருந்து பூப் பறிக்கிறார். மணிக்கட்டு சிறிது சுழன்று மேலே வருகிறது. இடக்கை அந்தப் பூவைப் பிடித்திருக்க, வலக்கை ஹம்சாஸ்யமாகி நூலை இழுக்கிறது. நூலின் நீளத்துக்கு ஏற்பக் கை பக்கவாட்டில் விலகுகிறது, கண் பூவிலிருந்து நூல் முனைவரை போகிறது. மாலை முடிந்ததும் இரண்டு கைகளும் ஹம்சாஸ்யமாக மாலையின் இரு முனைகளையும் தூக்கிப் பிடிக்கின்றன. அந்த இரண்டு கைகளையே கழுத்து உயரத்தில் முன்னே கொண்டுபோய், எதிரில் நிற்பவரின் பிடரியில் முடிச்சுப் போடுவதுபோல் சேர்த்தால் தாலி ஆகிவிடும். ஒரு கையை மட்டும் மார்பின் முன்னால் நிறுத்தி, உள்ளங்கையை வெளியே காட்டி, பார்வையை நேராக்கினால் உபதேசம். அதையே பக்கவாட்டில் இரண்டு முறை அசைத்தால் ‘இல்லை’. விரல்கள் மாறவே இல்லை. உயரமும் திசையும் அசைவும் கண்ணும்தான் மாறின.

பயிற்சியில் இது கெடும் இடமும் நடுவிரல்தான். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு ஆள்காட்டி விரலை வளைத்தால் நடுவிரலும் கூடவே சாயும். சாய்ந்தால் ஹம்சாஸ்யம் கடகாமுகமாக மாறி, உபதேசம் செய்ய வேண்டிய கை பூப்பறிக்கப் போய்விடும். இன்னொரு தவறு, கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் நகத்தின் மேல் ஏற்றுவது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வட்டம் தெரியாமல் ஒரு கட்டியாகத் தெரியும். மூன்று விரல்களும் ஒட்டாமல் விரிந்து நீண்டிருக்கின்றனவா, நுனியோடு நுனி தொடுகிறதா என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான்.

பூசையில் நிலைமை வேறு. மேடையில் கை பார்வையாளருக்காக; பூசை செய்பவரின் கை தெய்வத்துக்காக. நீரை அமுதமாக்கும் தேனு முத்திரையில் வலக்கை ஆள்காட்டி விரல் இடக்கை நடுவிரலையும், இடக்கை ஆள்காட்டி விரல் வலக்கை நடுவிரலையும் தொடும். மோதிர விரலும் சுண்டுவிரலும் அதேபோல மாறித் தொடும். நான்கு நுனிகளும் பசுவின் நான்கு காம்புகளாகக் கீழே நோக்கும். இது மந்திரத்தோடு நொடியில் முடிந்துவிடும். நாம் பார்க்க வேண்டும் என்று குருக்கள் அதைக் காட்டுவதில்லை.

கடைசியாகத் தியானம். தியானத்தில் இந்தக் கைக்கு எதிரில் மாணவரும் இல்லை, பார்வையாளரும் இல்லை. அதனால் அது மார்பின் முன்னிருந்து இறங்கி முழங்காலின் மேல் போய் ஓய்ந்துவிடுகிறது. உள்ளங்கை மேலே பார்த்தால் சின்முத்திரை, கீழே பார்த்தால் ஞானமுத்திரை என்று சில யோகப் பள்ளிகள் சொல்கின்றன; மாற்றிச் சொல்பவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விரலுக்கு ஒரு பூதம், முத்திரைக்கு ஒரு நோய் என்று அட்டவணை போட்டு, சர்க்கரை நோய் முதல் மாரடைப்பு வரை குணமாகும் என்று துண்டுப் பிரசுரங்கள் வருகின்றன. பழைய யோக நூல்களின் பெயர் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஹடயோக பிரதீபிகை பத்து முத்திரைகளை விரிவாகச் சொல்கிறது. மகாமுத்திரை, கேசரி, மூலபந்தம், விபரீதகரணி என்று போகும் அந்தப் பட்டியலில் உடலை மடக்குவதும் மூச்சை நிறுத்துவதும் நாக்கை மேலே திருப்புவதும் உண்டு. விரல்களைச் சேர்க்கும் கை முத்திரை ஒன்றுகூட அதில் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு விரலைச் சேர்த்துக்கொண்டு உட்கார்வது ஆபத்து. இந்த முத்திரை அப்படி ஒரு வாக்குறுதியைத் தரவில்லை.

அது தருவது சிறியது, ஆனால் உண்மையானது. கண்ணை மூடி உட்கார்ந்தவருக்குத் தூக்கம் வரும்போது முதலில் தளர்வது விரல்கள். நுனிகள் பிரிந்ததும் அந்தப் பிரிவு உணர்வுக்கு வரும், கவனம் திரும்பும். எதிர்ப்பக்கமும் உண்டு: முயற்சி அதிகமாகி மனம் இறுகினால் விரல்கள் ஒன்றையொன்று அழுத்தும், நகத்தின் நிறம் வெளுக்கும். தொட்டிருக்க வேண்டும், அழுத்தக் கூடாது; விரல்களுக்கு நடுவில் ஒரு காகிதம் நழுவாமலும் கசங்காமலும் நிற்கும் அளவுக்குப் போதும். மற்ற மூன்று விரல்களையும் நடனத்தில்போல விறைப்பாக நீட்ட வேண்டியதில்லை. அவற்றை அவற்றின் போக்கில் தளர விடலாம்.