ஒலுவில் கரை எவ்வளவு போனது?

ஒலுவில் கடற்கரையில் நின்று வயதான மீனவர் ஒருவரிடம் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் தண்ணீருக்குள் விரலை நீட்டினார். "அந்தா, அலை முறியுதே மாஸ்டர், அதுக்கும் அங்கால எங்கட தென்னந்தோட்டம் கிடந்த." அந்த விரல் பொய் சொல்லாது. ஆனால் அது எத்தனை மீற்றர், எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டால் விரலிடம் பதில் இல்லை. "கடல் எண்டா அரிக்கத்தான் செய்யும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை மறுக்கவும் விரலால் முடியாது. அதற்குப் பழைய படங்களும் புதிய படங்களும் வேண்டும்.

நான் தமிழ் படித்தவன். இந்த வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பாடசாலையின் புவியியல் ஆசிரியர். அடிப்படை எளிமையானது. வெவ்வேறு வருஷங்களில் எடுத்த செய்மதிப் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஒவ்வொன்றிலும் கரையைக் கோடாக வரைந்துகொள்கிறோம். பிறகு நிலப்பக்கத்தில், கரைக்குச் சமாந்தரமாக, அசையாத ஆதாரக்கோடு ஒன்றைப் போடுகிறோம். அதிலிருந்து கடலை நோக்கி, ஐம்பது மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குக்கோடுகளை விடுகிறோம். ஒவ்வொரு குறுக்குக்கோடும் 1988ஆம் வருஷக் கரையை எங்கே வெட்டுகிறது, 2018ஆம் வருஷக் கரையை எங்கே வெட்டுகிறது என்று பார்த்துக் கழித்தால் கரை நகர்ந்த தூரம் வருகிறது. அதை வருஷ எண்ணிக்கையால் வகுத்தால் வேகம். இந்தக் கணக்கைச் செய்துதர அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் DSAS என்ற மென்பொருள் இருக்கிறது. கோடு வரைவதற்கு இலவசமான QGIS போதும். லான்ட்சாட் படங்களுக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. முப்பது மீற்றர் பிக்ஸல் கொண்ட படங்கள் எண்பதுகளிலிருந்தே கிடைக்கின்றன. 2015க்குப் பிறகு சென்டினல்-2 பத்து மீற்றர் பிக்ஸல் தருகிறது.

கோடு வரைவது கை வேலைதான். ஆனால் எதைக் 'கரை' என்பது? இந்தக் கேள்வியில்தான் நான் முதலில் சறுக்கினேன். ஒரு படத்தில் தண்ணீரின் விளிம்பை வரைந்தேன், இன்னொன்றில் புல்லும் அடம்பங்கொடியும் தொடங்கும் இடத்தை வரைந்தேன். இரண்டுக்கும் நடுவே மணற்பரப்பு முழுவதும் கிடக்கிறது! எதை எடுத்தாலும் எல்லாப் படத்திலும் அதையே எடுக்க வேண்டும். லான்ட்சாட்டில் கண்ணை நம்பாமல், பச்சை ஒளியையும் அண்மை அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டுத் தண்ணீரைப் பிரிப்பது நல்லது:

```
NDWI = (Green - NIR) / (Green + NIR)
```

தண்ணீர் அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். ஆகவே தண்ணீரில் இந்த எண் பூச்சியத்துக்கு மேலும் மணலில் பெரும்பாலும் கீழும் நிற்கும். அலை நுரை மட்டும் சில இடங்களில் ஏமாற்றும்.

இரண்டாவது சறுக்கல் மாதம். ஒரு படம் ஜனவரி, மற்றது ஜூலை. எங்கள் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் மணலை வாரிக்கொண்டு போகும், காற்று அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போடும். கரைவலை இழுக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம் இது, எனக்குத்தான் கணினிக்கு முன்னால் மறந்துபோனது. ஜூன், ஜூலைப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும், மேகமும் குறைவு. அதேபோல 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிந்திய சில மாதங்களின் படத்தைத் தொடக்கப் புள்ளியாக வைக்கக்கூடாது. அது கரையின் வழமையான நிலை அல்ல.

வற்றும் பெருக்கும் வேறு இருக்கிறது. இலங்கையில் அது சிறியது, அரை மீற்றர் அளவு. ஆனால் பத்து மீற்றர் நடந்தால் ஒரு மீற்றர் இறங்கும் சரிவான கரையில், அந்த அரை மீற்றர் தண்ணீர் விளிம்பை ஐந்து மீற்றர் நகர்த்திவிடும்.

இனி ஒலுவிலுக்கு வருவோம். துறைமுக வேலை 2008இல் தொடங்கியது, 2013இல் திறந்தார்கள். இந்தக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அலைதடுப்பு அணைகள் குறுக்கே நிற்பதால், பாலமுனைப் பக்கமிருந்து வரும் மணல் தெற்கே தங்குகிறது. வடக்கே ஒலுவில் ஊர்ப்பக்கம் மணல் வரவு நின்று, கரை கரைகிறது.

கணக்கு எப்படி ஏமாற்றும் என்று காட்ட, மாதிரிக்காக நானே வைத்த எண்களைப் பாருங்கள், இவை அளந்தவை அல்ல. துறைமுகத்துக்கு வடக்கே ஒரு குறுக்குக்கோட்டில் ஆதாரக்கோட்டிலிருந்து கரைக்குத் தூரம் 1988இல் 142 மீற்றர், 2006இல் 138, 2018இல் 78. முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தால் முப்பது வருஷத்தில் 64 மீற்றர், வருஷத்துக்கு இரண்டு மீற்றர் சொச்சம். "பழைய அரிப்புத்தானே, மெதுவாகப் போகிறது" என்று சொல்ல இது வசதியான எண். துறைமுகத்துக்கு முன், பின் என்று பிரித்தால் கதை வேறு. முதல் பதினெட்டு வருஷத்தில் நாலு மீற்றர், பின்னைய பன்னிரண்டு வருஷத்தில் அறுபது, அதாவது வருஷத்துக்கு ஐந்து மீற்றர்.

அந்த நாலு மீற்றரை நம்பலாமா? வழுவைக் கணக்கிட வேண்டும். பழைய லான்ட்சாட் படத்தில் பிக்ஸலால் 15 மீற்றர், படத்தை நிலத்தோடு பொருத்தியதில் 10, தண்ணீர் ஏற்ற இறக்கத்தில் 5 என்று வைப்போம். இவற்றைக் கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 19. அப்படியான இரண்டு படங்களை ஒப்பிடும்போது அது 27 ஆகிறது. ஆகவே நாலு மீற்றர் என்பது அரிப்பும் அல்ல, வளர்ச்சியும் அல்ல. 'தெரியவில்லை' என்றுதான் எழுத வேண்டும். 2018க்குச் சென்டினல் படம் என்பதால் அதன் வழு 12 அளவில் நிற்கும். ஆகவே 2006-2018 ஒப்பீட்டின் வழு 22 மீற்றர் சொச்சம், மாற்றமோ 60. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

இடத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் இதே ஆபத்துத்தான். தெற்கே ஒரு கோட்டில் அறுபது மீற்றர் வளர்ந்திருந்தால், வடக்கின் அறுபத்துநான்கோடு அதைச் சேர்க்கும்போது சராசரி இரண்டு மீற்றர் இழப்பு. "ஒலுவில் கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடலாம், கணக்கில் பிழையும் இராது. தென்னையை இழந்தவரின் வளவு மட்டும் அதில் இராது. அதனால் ஒற்றை எண்ணைவிட, குறுக்குக்கோடு ஒவ்வொன்றின் எண்ணையும் தெற்கிலிருந்து வடக்கே வரிசையாகப் போட்ட வரைபைக் கேட்க வேண்டும். நேர்க்குறி எதிர்க்குறியாக மாறும் இடம் அலைதடுப்பில் வந்து நிற்கிறதா என்று பார்த்தால், காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். வடக்கே போகப் போக எண் சிறுத்து வரும். ஆனால் களியோடை முகத்துவாரத்தை அண்டிய கோடுகளை அந்த வாதத்தில் சேர்க்காதீர்கள். ஆற்றுவாய் தன்பாட்டுக்கு இடம் மாறும்.

கடைசியாக, கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்ட இடங்கள். அங்கே புதிய படங்களில் கோடு கல்லோடு ஒட்டி அசையாமல் நிற்கும், கணினியும் 'மாற்றம் பூச்சியம்' என்று எழுதும். நேரில் போய்ப் பார்த்தால் கல்லுக்கு முன்னால் தோணி ஏற்ற ஒரு முழம் மணல் இராது. அந்த மணல் எந்த வருஷம் போனது என்பதைக் கல் போடுவதற்கு முந்திய படங்களில்தான் தேட வேண்டும்.