டிப்ளமோவும் டிகிரியும்: சமத்துவ உரிமை எதுவரை?



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நானும் இதே மாதிரி ஒரு பாலிடெக்னிக்கில் படித்து வெளியேறியவன்தான். இன்று அரசுப் பணியில் இருக்கிறேன். எங்கள் ஊழியர் சங்கத்தில் சர்வீஸ் வழக்குகளைப் பார்க்கும் பொறுப்பும் என் தலையில்தான். என்னிடம் வரும் பத்துப் பேரில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஒரே டேபிள், ஒரே வேலை. பக்கத்து சீட்டுக்காரர் பி.இ. என்பதால் அவருக்கு மட்டும் புரமோஷன். நான் டிப்ளமோ என்பதால் எனக்கு இல்லை. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று எழுதியிருக்கிறதே, கேஸ் போடலாமா சார்?"

நாளைக்கு நீங்களும் கேட்கப் போகிற கேள்வி இது. அதனால் பதிலை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவத்தையும் சட்டங்களின் சமமான பாதுகாப்பையும் எவருக்கும் அரசு மறுக்கக் கூடாது என்கிறது. 16-வது பிரிவு அதையே அரசு வேலைக்குப் பொருத்தி, சம வாய்ப்பு என்கிறது. படித்தால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று தோன்றும். ஆனால் அப்படி நடத்தினால் எந்தச் சட்டமும் ஓடாது. மாணவர்களுக்குத் தரும் பஸ் பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. இது பாகுபாடா? இல்லை. இது வகைப்பாடு. சமமானவர்களைச் சமமாக நடத்த வேண்டும் என்பதுதான் சட்டத்தின் கட்டளை. யார் யாருக்குச் சமம் என்பதில்தான் சண்டையே.

அந்தச் சண்டையைத் தீர்க்க உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே இரண்டு கேள்விகளை வகுத்துக்கொண்டது. முதல் கேள்வி: உள்ளே இருப்பவரையும் வெளியே நிற்பவரையும் பிரிக்கும் கோடு தெளிவாகப் புரிகிறதா? இரண்டாவது கேள்வி: அந்தக் கோட்டுக்கும் சட்டம் அடைய நினைக்கும் நோக்கத்துக்கும் நியாயமான தொடர்பு இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால்தான் அது நியாயமான வகைப்பாடு. நீலச் சட்டை போட்ட மாணவருக்கு மட்டும் பஸ் பாஸ் என்றால் கோடு பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மாணவர் நேரத்துக்கு வகுப்புக்கு வர வேண்டும் என்ற நோக்கத்துக்கும் சட்டையின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டாவது கேள்வியில் அது விழுந்துவிடும்.

முதல் கேள்வியிலேயே விழுந்த சட்டமும் உண்டு. 1952-ல் வந்த அன்வர் அலி சர்க்கார் வழக்கு அது. எந்த வழக்கை வேண்டுமானாலும் தனி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று மேற்கு வங்கச் சட்டம் ஒன்று அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. விசாரணை விரைவாக நடக்க வேண்டும் என்பது காரணம். விரைவு எந்த வழக்குக்குத்தான் வேண்டாம்? எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்பதற்குச் சட்டத்தில் கோடே இல்லை. அரசு விரலை நீட்டிய ஆசாமிக்குத் தனி நடைமுறை. செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

சரி, இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். டிப்ளமோக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. ஜம்மு காஷ்மீர் அரசுக்கும் திரிலோகி நாத் கோசாவுக்கும் இடையே நடந்தது. 1973 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்த மாநிலப் பொறியியல் பணியில் உதவிப் பொறியாளர் பதவிக்கு இரண்டு வழிகள். பட்டதாரிகள் நேரடியாக வருவார்கள். டிப்ளமோக்காரர்கள் கீழ்ப் பதவியிலிருந்து உயர்ந்து வருவார்கள். வந்தபின் எல்லாரும் ஒரே கேடர். முன்பிருந்த விதிகளின்படி இரு சாராரும் செயற்பொறியாளர் ஆக முடிந்தது. 1970-ல் புது விதி வந்தது. பொறியியல் பட்டமோ ஏ.எம்.ஐ.இ. தேர்ச்சியோ இருந்தால்தான் செயற்பொறியாளர் பதவி. டிப்ளமோ மட்டும் வைத்திருந்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. "நாங்கள் எல்லாரும் ஒரே வகுப்பாக இணைந்துவிட்டோம், இணைந்தபின் மறுபடி எங்களைப் பிரிப்பது எப்படி?" என்பது டிப்ளமோக்காரர்களின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். நிர்வாகத்தின் செயல்திறனை உயர்த்துவது நோக்கம், மேல் பதவிக்கு அதிகக் கல்வித் தகுதி கேட்பது அந்த நோக்கத்தோடு தொடர்புடையதுதான், ஆகவே வகைப்பாடு செல்லும் என்றார். தொடர்பு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வழக்குப் போட்டவர் மேல்தான் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விதி சரியானது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். தப்பு என்று காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புரமோஷனுக்குப் பரிசீலிக்கப்படுவது உரிமை. புரமோஷன் கிடைக்கும் வாய்ப்பு உரிமையல்ல. பழைய விதியில் வாய்ப்பு இருந்தது என்பதால் புது விதி தானாகவே செல்லாமல் போய்விடாது. என்னிடம் வரும் பலர் மனம் உடைந்து போவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் ஒரே கேடரில் இருப்பவர்களை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாமா? கூடாது. அதற்கு ஆறு வருஷம் முந்தைய, 1967-ன் ரோஷன் லால் டாண்டன் வழக்கைப் பாருங்கள். ரயில்வேயில் வண்டிகளைச் சோதிக்கும் ட்ரெயின் எக்ஸாமினர் வேலை. அதில் 'டி' கிரேடுக்கு ஒரு சாரார் ஏற்கனவே ரயில்வேயில் ஃபிட்டர் போன்ற வேலையில் இருந்து வந்தவர்கள். இன்னொரு சாரார் நேரடியாக அப்ரன்டிஸாகச் சேர்ந்து வந்தவர்கள். இரு சாராரும் அந்த கிரேடில் கலந்தாயிற்று. பிறகு 'சி' கிரேடுக்கு உயர்த்தும்போது மட்டும் அப்ரன்டிஸ் வழியில் வந்தவர்களுக்குச் சலுகை காட்டியது ரயில்வே. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே வகுப்பாகக் கலந்தபின், எந்த வழியில் வந்தாய் என்று பார்த்து மேலே போகும் வாய்ப்பைப் பிரிப்பது 14, 16 பிரிவுகளுக்கு விரோதம் என்றது.

கோசா வழக்கில் டிப்ளமோக்காரர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் நீதிமன்றம் ஒரு வித்தியாசத்தைக் காட்டியது. ரயில்வேயில் கோடு போட்டது வந்த வழியை வைத்து. காஷ்மீரில் கோடு போட்டது தகுதியை வைத்து. எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தாய் என்பது இன்று நீ செய்யும் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என்ன படித்திருக்கிறாய் என்பது ஏதோ கொஞ்சம் சொல்லும். அதோடு காஷ்மீர்க் கோட்டைத் தாண்டவும் வழி இருந்தது. டிப்ளமோக்காரர் ஏ.எம்.ஐ.இ. முடித்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். வந்த வழியை யாரால் மாற்ற முடியும்?

இந்தத் தீர்ப்பை இத்தோடு விட்டுவிட்டால் நமக்கு நஷ்டம். அதே வழக்கில் நீதிபதிகள் பகவதியும் கிருஷ்ணய்யரும் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்கள். முடிவை அவர்களும் ஏற்றார்கள். ஆனால் நுணுக்கி நுணுக்கி வேறுபாடு கண்டுபிடித்து ஊழியரைக் கூறு போட்டுக்கொண்டே போனால் சமத்துவமே கரைந்துவிடும் என்று எச்சரித்தார்கள். வகைப்பாடு என்பது சமத்துவத்துக்கு வேலைக்காரன், எஜமான் அல்ல. இது என் வார்த்தை. ஆனால் அவர்கள் கவலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நாமே ஒரு கற்பனை விதியைச் சோதித்துப் பார்ப்போம். ஓர் அரசுத் துறையில் இளநிலைப் பொறியாளர் அனைவரும் டிப்ளமோ. அரசு பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு மட்டும் புரமோஷன், தனியார் பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு இல்லை என்று விதி வருகிறது. கோடு தெளிவாக இருக்கிறதா? இருக்கிறது. நோக்கம் என்ன? செயல்திறன் என்பார்கள். ஆனால் தன்னாட்சி பெறாத கல்லூரிகளில் இரு தரப்பும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஒரே பாடத்திட்டத்தைப் படித்து, ஒரே போர்டு தேர்வை எழுதி, ஒரே சான்றிதழ் வாங்கியவர்கள். கல்லூரிச் சொத்து யாருடையது என்பதற்கும் டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்ப்பதற்கும் தொடர்பில்லை. விதி நிற்காது. இங்கே துறை வேறொரு தந்திரம் செய்யலாம். "அரசு பாலிடெக்னிக்கில் படித்தவர்களை ஊக்குவிப்பதே எங்கள் நோக்கம்" என்று சொல்லலாம். கவனியுங்கள், கோட்டையே நோக்கம் என்று திருப்பிச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் உலகத்தில் எந்த விதியும் தேறிவிடுமே! நோக்கம் என்பது கோட்டைப் பற்றிப் பேசாமலேயே சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் கெட்ட விதியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கோடு போடுவதை 15-வது பிரிவு நேராகவே தடுக்கிறது. பெண்களுக்கும் பின்தங்கிய வகுப்பினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அதே பிரிவு வழி விட்டிருக்கிறது. அது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். இன்னொரு எல்லையும் உண்டு. 14-வது பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும். அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், மின்வாரியம் எல்லாம் அதில் அடங்கும். சாதாரண பிரைவேட் கம்பெனி டிப்ளமோக்காரரை ஒதுக்கினால் இந்தப் பிரிவைக் காட்டி ரிட் போட முடியாது.

கோடு மேலே மட்டும்தான் விழும் என்று நினைக்காதீர்கள். கீழேயும் விழும். 2018-ல் மறுபடியும் ஜம்மு காஷ்மீரிலிருந்தே ஒரு வழக்கு. மின்துறையில் டெக்னீஷியன் வேலைக்கு மெட்ரிக்கோடு சம்பந்தப்பட்ட டிரேடில் ஐ.டி.ஐ. வேண்டும் என்று விதி. டிப்ளமோக்காரர்கள், "நாங்கள் ஐ.டி.ஐ.க்கு மேலே படித்தவர்களாயிற்றே" என்று வாதாடினார்கள். தோற்றார்கள். டிப்ளமோவுக்குள் ஐ.டி.ஐ. தானாக அடங்கிவிடும் என்று விதி சொல்லாதபோது நீதிமன்றம் அப்படி ஊகித்துக்கொள்ளாது, வேலைக்கு என்ன தகுதி என்பதை வேலை கொடுப்பவர் முடிவு செய்யலாம், ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் வேலை போய்ச் சேர வேண்டும் என்றும் அரசு நினைக்கலாம் என்றது தீர்ப்பு. எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். கோசா தீர்ப்பை எழுதியவரின் மகன்! 45 வருஷ இடைவெளியில் அப்பாவும் பிள்ளையும் ஒரே மாநிலத்து டிப்ளமோக்காரர்களுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டாவது தீர்ப்பில் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு வேறு எந்த வேலை இருக்கிறது?

ஆகவே மனு எழுத உட்காரும்போது "சட்டத்தின் முன் அனைவரும் சமம்" என்று பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். முதலில் விதியின் நகலை வாங்குங்கள். அதில் நோக்கம் என்ன என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். மேல் பதவியின் கடமைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் மனுப் போடலாம். டிசைன் கணக்கு, எஸ்டிமேட் மேற்பார்வை என்று அந்தப் பட்டியலில் பட்டப்படிப்பு தேவைப்படுகிற வேலைகள் இருந்தால் கோசா தீர்ப்பு உங்களுக்கு எதிராக நிற்கும். அப்படிப்பட்டது ஒன்றுமே இல்லாமல், டிப்ளமோக்காரர்களே பொறுப்பு அலுவலராக அந்தப் பதவியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்த ஆர்டர்கள் இருந்தால், அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி மனுவோடு இணையுங்கள்.