அம்மாவின் எஃப்.டி.க்கு இரண்டு கையெழுத்து

தனியாக வாழும் முதியவரின் பணம் இரண்டு வழியில் கரைகிறது. ஒன்று முகம் தெரியாதவரின் தொலைபேசி அழைப்பு, மற்றது நன்றாகத் தெரிந்த உறவினர் கேட்கும் கைமாற்று. இரண்டிலும் கடைசியில் ஒரே பேச்சுதான் வரும். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுபவன், “இது ரகசிய விசாரணை, யாரிடமும் சொல்லக் கூடாது” என்பான். அக்கா மகன், “இது உங்க பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் சித்தி” என்பான்.

டிஜிட்டல் கைது மோசடியில் போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றுவார். ஆதார் எண்ணைக் காட்டி அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் சிக்கியது என்பார். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், அழைப்பைத் துண்டிக்க விடாமல் வைத்திருப்பார். பிறகு, சரிபார்ப்பதற்காகச் சேமிப்பை ஓர் ‘அரசுக் கணக்கு’க்கு மாற்றச் சொல்வார். வீடியோ அழைப்பில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் பயந்தவருக்கு அது நினைவுக்கு வராது. இதில் ஏமாந்தவர்கள் பலர் தாங்களே வங்கிக்குப் போய், வைப்புத்தொகையை முறித்து, படிவம் எழுதிக் கொடுத்துப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். “ஓடிபி சொல்லாதீங்க” என்ற வழக்கமான அறிவுரை இங்கே உதவாது. பெரிய தொகையை ஒருவர் மட்டும் எடுக்க முடியாதபடி வைப்பதுதான் உதவும்.

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். மாத ஓய்வூதியம் 26,000 ரூபாய், எஃப்.டி. 12 லட்சம், மகள் சென்னையில். ஓய்வூதியக் கணக்கில் யுபிஐ வேண்டாம். நெட் பேங்கிங் இருந்தால் பார்ப்பதற்கு மட்டும். அந்தக் கணக்கின் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை அணைத்துவிடலாம். தனியாக ஒரு சிறு சேமிப்புக் கணக்கு திறந்து, மாதம் 15,000 ரூபாய் தானாக அதற்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். மளிகை, மருந்து, மின்கட்டணம் எல்லாம் அதிலிருந்து. போனில் உள்ள யுபிஐ அதனோடு மட்டும் இணைந்திருந்தால், எவ்வளவு மோசமாக ஏமாந்தாலும் போவது அந்த மாதச் செலவுப் பணம்தான்.

எஃப்.டி.யில் 10 லட்சத்தை அம்மா, மகள் இருவர் பெயரிலும் ‘ஜாயின்ட்லி’ என்ற முறையில் வைக்கலாம். இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். படிவத்தில் பலரும் யோசிக்காமல் ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்பதில் டிக் போட்டுவிடுகிறார்கள். அதில் முதிர்வுக்குப் பின் ஒருவரே பணத்தை எடுத்துவிடலாம். பெற்ற பிள்ளையே நெருக்கும் வீடுகளும் உண்டு. இரண்டு கையெழுத்து அந்தப் பிள்ளையிடமிருந்தும் காக்கும்.

இதற்கு ஒரு குறையும் உண்டு. அம்மா ஐசியுவில் கிடந்தால் மகளால் அந்த 10 லட்சத்தைத் தொட முடியாது. எனவே மீதி 2 லட்சத்தை மருத்துவச் செலவுக்கென ‘ஐதர் ஆர் சர்வைவர்’ முறையில் வைத்து, முதிர்வுக்கு முன்பும் ஒருவரே எடுக்கலாம் என இருவரும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டிலும் நாமினி பெயர் இருப்பது அவசியம்.

உறவினர் விஷயத்தில் இந்த ஏற்பாடு வேறு விதமாக வேலை செய்கிறது. முதியவர்களுக்கு இல்லை என்று சொல்வதுதான் கஷ்டம். பணம் இருப்பது கேட்பவருக்கும் தெரியும். இப்போது, “அது எஃப்.டி.ல கிடக்குப்பா, பாப்பாவும் வந்து கையெழுத்துப் போடணும்” என்று பொய் கலக்காமல் சொல்லலாம். கேட்பவர் மகளிடம் பேசியாக வேண்டும். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். கொடுக்கும் மனசை அடியோடு பூட்டுவதும் தவறு. மாதம் 1,000 ரூபாயை அவர் இஷ்டத்துக்கு ஒதுக்கிவிட்டால், பேரனுக்கும் கொடுப்பார், வேலைக்கு வரும் பெண்ணுக்கும் கொடுப்பார். யாரும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை.

ரொக்கத்தைவிட ஆபத்தானவை கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும், அடகு வைக்க இரவல் கேட்கும் நகையும், வீட்டைச் செட்டில்மென்ட் எழுதித் தருவதும். ஜாமீன் போட்டால் கடனே தலையில் விழும். வீட்டை எழுதித்தான் தர வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் அம்மாவைத் திட்டுவதற்கு நேரமில்லை. திட்டுக்குப் பயந்துதான் பலர் இரண்டு நாள் மறைக்கிறார்கள். அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும். உடனே 1930 எண்ணை அழைத்து, பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் மூன்றையும் சொன்னால், போன கணக்கில் மிச்சமிருப்பதை முடக்க முயல்வார்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். கையோடு வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரகசிய எண்ணைத் தானே சொல்லி ஏமாந்த வாடிக்கையாளர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணத்துக்குத் தானே பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி.