பச்சை மீனும் பாழாகும் ஜீவசத்தும்

உண்ணும் உணவில் ஜீவசத்து இருந்தால் அது உடம்பில் சேர்ந்துவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். உணவில் தாராளமாக இருந்தும் உடம்புக்குக் கிட்டாமற்போவதும் உண்டு. இதை உலகுக்கு உணர்த்தியவை சில நரிகள்.

1932-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மின்னஸோட்டா மாகாணத்தில், ரோமத் தோலுக்காக நரிகளை வளர்த்துவந்த சேஸ்டெக் என்பவருடைய பண்ணையில் ஒரு விபரீத நோய் தோன்றியது. நன்றாக இருந்த நரி முதலில் இரையை வெறுத்தது. சில நாட்களில் நடை தள்ளாடிற்று. பிறகு கால்கள் விறைத்து, தலை பின்புறம் வளைந்து, விழுந்து மாண்டது. அந்தப் பண்ணையின் பெயராலேயே அந்நோய் 'சேஸ்டெக் வாதம்' என்று வழங்கலாயிற்று.

மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரீன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் காரணத்தைத் தேடினர். நரிகளின் இரையில், நம் கெண்டை மீனுக்கு உறவான கார்ப் என்னும் நன்னீர் மீன் பச்சையாகவே சேர்க்கப்பட்டிருந்தது. மொத்த இரையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பச்சை மீன் இருந்தால் நோய் உண்டாயிற்று. அதே மீனை வேகவைத்துக் கொடுத்தால் நோய் இல்லை! நோய் முற்றாத நரிகளுக்கு 'பி' ஒன்று என்னும் ஜீவசத்தை, அதாவது தையமினை, ஊசி மூலம் செலுத்தியதும் அவை தேறின. மாண்ட நரிகளின் மூளையைச் சோதித்தபோது, மதுவுக்கு அடிமையாகி ஊட்டம் குன்றிய மனிதரின் மூளையில் காணும் சிதைவுகளைப் போன்றவையே அங்கும் தென்பட்டன. ஆகவே குறைந்தது தையமினே என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

ஆனால் மற்ற இரையில் இருந்த தையமின் எங்கே போயிற்று? பச்சை மீனில் அதை அழிக்கும் பொருள் ஒன்று உண்டு என்று 1941-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதற்குத் தையமினேஸ் என்று பெயர். தையமின் மூலக்கூறு இரண்டு வளையங்களை ஒரு சிறு பாலத்தால் இணைத்தாற்போன்ற அமைப்பை உடையது. தையமினேஸ் அந்தப் பாலத்தை அறுத்துவிடுகிறது. பிரிந்த துண்டுகளால் உடம்புக்குப் பயனில்லை. இது ஒரு நொதியாதலால், தன் வேலையில் தான் செலவாகிவிடுவதில்லை. ஒரு மூலக்கூறை அறுத்ததும் அடுத்ததற்குப் போகிறது. அதனால்தான் சிறிதளவு பச்சை மீன், உடன் சேர்ந்த இரை முழுவதன் சத்தையும் பாழாக்க முடிகிறது. இரையைக் கலந்து வைத்திருக்கும் நேரத்திலும், விலங்கின் வயிற்றுக்குள்ளும் இந்த அழிவு நடைபெறுகிறது.

எல்லா மீன்களிலும் இந்நொதி இல்லை. கார்ப், தங்கமீன் போன்றவற்றில் உண்டு, டிரவுட்டில் இல்லை. மீனின் தசையைவிடக் குடல் முதலிய உள்ளுறுப்புகளிலேயே அது மிகுதி. பனிக்கட்டியில் உறையவைப்பதால் அது அழிவதில்லை. நன்றாக வேகவைத்தால்தான் அழியும். சமைக்க வசதியில்லாத பண்ணையாளர்கள் வேறோர் உபாயம் கண்டனர். ஒரு நாள் பச்சை மீன், மறுநாள் மீனில்லாத இரை என்று மாற்றிக் கொடுத்தார்கள். மீனில்லாத நாளில் உடம்பு தனக்கு வேண்டிய தையமினைச் சேகரித்துக்கொண்டது.

இதே இயல்புள்ள நொதி ஒரு தாவரத்திலும் இருக்கிறது. பிராக்கன் என்னும் பெரணி குளிர்ந்த மலைச்சரிவுகளில் புதராகப் படர்வது. நமது நீலகிரியிலும் அதைக் காணலாம். புல்லோடு அறுத்து உலர்த்தினாலும் அதன் நொதி சாவதில்லை. அத்தகைய உலர்புல்லைச் சில வாரங்கள் தொடர்ந்து தின்ற குதிரை, கால்களை அகட்டி, முதுகை வளைத்து, நடுங்கித் தள்ளாடும். உரிய காலத்தில் தையமின் ஊசி போட்டு, அந்தப் புல்லையும் நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும். மாட்டுக்கு மட்டும் இந்தத் தள்ளாட்டம் பெரும்பாலும் வருவதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தையமினை ஓயாது உற்பத்தி செய்து கொடுப்பதே காரணம். ஆனால் பிராக்கன் மாட்டுக்கு நல்லது என்று கொள்ளலாகாது. அதில் உள்ள வேறொரு நஞ்சு மாட்டின் எலும்பு மஜ்ஜையையும் மூத்திரப்பையையும் கெடுக்கிறது.

மீனைக் குழம்பில் கொதிக்கவிட்டு உண்ணும் நம் வீடுகளில் மனிதருக்கு அச்சம் இல்லை. அடுக்களை வாயிலில் காத்திருக்கும் பூனையின் நிலை வேறு. மீன் ஆய்ந்த குடலை என்றோ ஒரு நாள் போடுவதால் கேடில்லை. அதுவே நாள்தோறும் ஆகாரமானால் பூனைக்கும் நரியின் கதிதான். முதலில் அது உணவை வெறுக்கும். பின்னர் தலை நிமிராமல் மார்பை நோக்கிக் கவிழும். அந்நிலையில் மிருக வைத்தியரிடம் தாமதமின்றிக் கொண்டு போகவேண்டும். அந்த நிலையே வராமற் காக்க, குடலையும் செவுளையும் ஒரு சட்டியில் போட்டு நன்றாக வேகவைத்து வைத்தால் போதும்.