நிபந்தனையும் நேரலைப் பட்டியலும்

நுழையும்முன்

பதிவேட்டின் சில வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்துப் பட்டியலிடும் தேவை அலுவலகத்திலும் கடையிலும் பள்ளியிலும் நாள்தோறும் எழுகிறது. அப்பட்டியலை ஒருமுறை எடுத்து எழுதி வைத்தல் ஒரு முறை. பதிவேடு மாறுந்தோறும் தானும் மாறும் பட்டியலை அமைத்தல் மற்றொரு முறை. எக்செல் அட்டவணைச்செயலியில் இரண்டாம் முறையை இயல்விப்பது FILTER என்னும் செயற்கூறு. அது செயற்படும் விதத்தை ஒரு பள்ளி நூலகப் பதிவேட்டின்வழி இப்பாடம் விளக்குகிறது.

தவறிய பட்டியல்

ஒரு மேல்நிலைப் பள்ளியின் நூலகத்தில் நூலைப் பதினான்கு நாள்களுக்குள் திருப்பித் தருதல் வேண்டும் என்பது விதி. நூல் வழங்கலை நூலகர் அட்டவணைச்செயலியில் பதிந்து வந்தார். அப்பதிவேட்டில் முதல் கிடைவரிசை தலைப்புகளுக்கு உரியது. பதிவுகள் இரண்டாம் கிடைவரிசையில் தொடங்குகின்றன. 24-07-2024 அன்று அது பின்வருமாறு இருந்தது.

| | A | B | C | D | E |
|---|---|---|---|---|---|
| 1 | எண் | பெயர் | வகுப்பு | வழங்கிய நாள் | திரும்பிய நாள் |
| 2 | 1 | கவிதா | 11-அ | 01-07-2024 | 09-07-2024 |
| 3 | 2 | முருகன் | 11-ஆ | 03-07-2024 | |
| 4 | 3 | பாத்திமா | 12-அ | 05-07-2024 | 23-07-2024 |
| 5 | 4 | செல்வி | 11-அ | 08-07-2024 | |
| 6 | 5 | ஜோசப் | 12-ஆ | 12-07-2024 | |
| 7 | 6 | இளங்கோ | 11-ஆ | 16-07-2024 | 22-07-2024 |
| 8 | 7 | மலர்விழி | 11-அ | 18-07-2024 | |

தவணை கடந்தோர் பட்டியலை நூலகர் 22ஆம் நாள் வடிகட்டி, நகலெடுத்து, வேறொரு தாளில் ஒட்டி வைத்தார். அன்றைய நிலையில் முருகன், பாத்திமா ஆகிய இருவர் பெயரும் அதில் இருந்தன. மறுநாள் பாத்திமா நூலைத் திருப்பித் தந்தார். நூலகரும் அதனைப் பதிவேட்டில் குறித்தார். ஆயினும் 24ஆம் நாள் காலை வணக்கக் கூட்டத்தில் படிக்கப்பட்டது பழைய பட்டியலே. நூலைத் தந்துவிட்ட மாணவி அனைவர் முன்னும் பெயர் அழைக்கப்பட்டு நின்றார். அதேவேளையில், தவணை கடந்து இரண்டு நாளாகியும் செல்வியின் பெயர் அதில் இல்லை. பதிவேட்டில் பிழை ஏதும் இல்லை. அதிலிருந்து அறுத்தெடுத்த நகல்தான் இரு வகையிலும் தவறியது.

மெய்யும் பொய்யும்

நகல் எடுப்பதற்கு மாறாக, H2 என்னும் நுண்ணறையில் பின்வரும் வாய்பாட்டை உள்ளிடுவதாகக் கொள்வோம்.

```
=FILTER(A2:D8, E2:E8="", "இல்லை")
```

இதில் மூன்று அளபுருக்கள் உள்ளன. முதலாவது, எப்பகுதியிலிருந்து வரிசைகளை எடுப்பது என்பதைக் கூறுகிறது. இரண்டாவது நிபந்தனை. மூன்றாவது, பொருந்தும் வரிசை ஒன்றுமே இல்லாதபோது காட்ட வேண்டிய சொல். மூன்றாவதை விட்டுவிட்டால், பட்டியல் வெறுமையாகும் நாளில் #CALC! என்னும் பிழைச்செய்தி தோன்றும்.

நிபந்தனையை எக்செல் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே சோதிக்கிறது. E2 வெற்றா? இல்லை, எனவே விடை பொய். E3 வெற்றா? ஆம், எனவே விடை மெய். இவ்வாறு ஏழு வரிசைகளுக்கும் பொய், மெய், பொய், மெய், மெய், பொய், மெய் என ஏழு விடைகள் கிடைக்கின்றன. மெய் என்ற விடைக்கு நேரான வரிசையை FILTER வைத்துக்கொள்கிறது. பொய் என்பதற்கு நேரானதை விட்டுவிடுகிறது. ஆகவே முருகன், செல்வி, ஜோசப், மலர்விழி ஆகிய நால்வரின் வரிசைகள் வெளிவருகின்றன. நிபந்தனைப் பகுதியின் வரிசை எண்ணிக்கையும் தரவுப் பகுதியின் வரிசை எண்ணிக்கையும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. ஒன்று எட்டாம் வரிசை வரையிலும் மற்றொன்று ஏழாம் வரிசை வரையிலும் இருந்தால் #VALUE! என்னும் பிழை தோன்றும்.

வாய்பாடு H2 இல் மட்டுமே உள்ளது. விடையோ நான்கு வரிசை, நான்கு நெடுவரிசை அளவில் H2 முதல் K5 வரை பரவுகிறது. விடையின் அளவுக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் நிற்பதனால் இத்தகைய வாய்பாடுகள் இயங்கு அணி வாய்பாடுகள் எனப்படும். K நெடுவரிசையில் நாளுக்கு மாறாக 45476 போன்ற எண் தோன்றினால் மருள வேண்டியதில்லை. எக்செல் நாளை எண்ணாகவே சேமிக்கிறது. அவ்வெண் 03-07-2024 என்னும் நாளையே குறிக்கிறது. அந்நெடுவரிசைக்கு நாள் வடிவூட்டம் தந்தால் போதும். ஆனால் E நெடுவரிசையை விடையில் சேர்ப்பது நன்றன்று. வெற்று நுண்ணறையை FILTER சுழியமாகத் திருப்பும். நாள் வடிவூட்டத்தில் அது 1900ஆம் ஆண்டின் பொருளற்ற நாளாகத் தோன்றும். மேற்கண்ட வாய்பாடு D உடன் நின்றது அதனால்தான்.

இரு நிபந்தனைகள்

நூலைத் தராதவர் அனைவரும் தவணை கடந்தவர் அல்லர். நூல் திரும்பாதிருத்தல், பதினான்கு நாள் கடந்திருத்தல் ஆகிய இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

```
=FILTER(A2:D8, (E2:E8="")*(TODAY()-D2:D8>14), "இல்லை")
```

பெருக்கலில் மெய் என்பது 1 ஆகவும் பொய் என்பது 0 ஆகவும் கொள்ளப்படும். இரண்டும் மெய்யாக இருந்தால் மட்டுமே பெருக்கற்பலன் 1. ஒன்று பொய்யானாலும் 0. இங்கு AND என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்துதல் பலர் செய்யும் பிழை. அது வரிசைதோறும் விடை தராமல், எல்லா வரிசைகளையும் ஒருங்கே நோக்கி ஒரே ஒரு விடையைத் தரும். ஏழு வரிசைக்கு ஒரு விடை பொருந்தாதாகையால் #VALUE! தோன்றும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும் என்ற நிலையில் பெருக்கலுக்கு மாறாகக் கூட்டலைப் பயன்படுத்துதல் வேண்டும்.

24ஆம் நாள் இவ்வாய்பாடு தரும் விடை இரண்டு வரிசைகள். முருகன் நூலைப் பெற்று 21 நாள்கள், செல்வி பெற்று 16 நாள்கள் ஆகியுள்ளன. ஜோசப் பெற்று 12 நாள்களே ஆனமையால் அவர் பெயர் இல்லை. நூலைத் தந்துவிட்ட பாத்திமாவின் பெயரும் இல்லை. TODAY அன்றைய நாளைத் தருவது. ஆகவே 27ஆம் நாள் கோப்பைத் திறக்கும்போது, எவரும் எதனையும் தட்டச்சு செய்யாமலே, 15 நாள் ஆகிவிட்ட ஜோசப் மூன்றாம் வரிசையில் சேர்ந்திருப்பார். முருகன் நூலைத் தந்து E3 இல் நாள் பதிந்த நொடியில் அவர் பெயர் நீங்கும்.

பட்டியல் தவறும் இடங்கள்

முதலாவது இடநெருக்கடி. 24ஆம் நாள் பட்டியல் H2 முதல் K3 வரையே பரவியிருந்தது. அதன் கீழே J4 இல் எவரேனும் ஒரு குறிப்பை எழுதி வைத்தால் அன்று கேடில்லை. 27ஆம் நாள் மூன்றாம் வரிசைக்கு இடம் தேவைப்படும்போது, H2 இல் #SPILL! என்னும் செய்தி மட்டும் நிற்கும். பெயர்கள் ஒன்றும் தெரியா. குறிப்பை அழித்தவுடன் பட்டியல் மீளும். பட்டியலின் கீழ்ப்பகுதியை எப்போதும் வெறுமையாக விடுவதே தக்க வழி.

இரண்டாவது பதிவேட்டின் வளர்ச்சி. ஒன்பதாம் வரிசையில் எழுதப்படும் புதிய பதிவு A2:D8 என்னும் எல்லைக்கு வெளியே நிற்கும். எல்லையை 500ஆம் வரிசை வரை நீட்டினால் வேறொரு சிக்கல் எழும். எழுதப்படாத வரிசைகளிலும் E நெடுவரிசை வெற்றாகவே உள்ளது. வழங்கிய நாள் சுழியமாகக் கொள்ளப்படுவதால் பதினான்கு நாளும் கடந்ததாகிவிடும். பட்டியலின் அடியில் 492 வரிசைகள் சுழியங்களாக நிரம்பும். எனவே, எண் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் மூன்றாம் நிபந்தனையும் தேவை.

```
=FILTER(A2:D500, (A2:A500<>"")*(E2:E500="")*(TODAY()-D2:D500>14), "இல்லை")
```

மூன்றாவது உள்ளீட்டுப் பிழை. வழங்கிய நாள் ஒன்று, எக்செல் நாளாகக் கொள்ள இயலாத எழுத்துத்தொடராகப் பதிவானால், அதைக் கழிக்க இயலாமையால் நிபந்தனையில் ஒரு பிழை உண்டாகும். அவ்வொரு பிழை பட்டியல் முழுவதையும் #VALUE! ஆக்கிவிடும். சீரமைப்பு செய்யப்படாத நுண்ணறைகளில் நாள் வலப்புறமும் எழுத்து இடப்புறமும் ஒட்டி நிற்பதால், D நெடுவரிசையை மேலிருந்து கீழாக நோக்கினாலே பிழையான பதிவைக் கண்டறியலாம்.

இதனினும் தீங்கானது ஓசையின்றி நேரும் பிழை. செல்விக்குரிய E5 இல் இடைவெளிப் பட்டை ஒருமுறை தட்டப்பட்டுவிட்டால், கண்ணுக்கு அந்நுண்ணறை வெற்றாகவே தோன்றும். எக்செலுக்கோ அதில் ஓர் எழுத்துரு உள்ளது. நிபந்தனை பொய்யாகும், செல்வியின் பெயர் மறையும், பிழைச்செய்தி எதுவும் வாராது. ஐயம் எழுந்தால் வேறொரு நுண்ணறையில் பின்வருமாறு சோதிக்கலாம்.

```
=LEN(E5)
```

விடை 0 எனில் நுண்ணறை வெற்று. 1 எனில் அங்கு இடைவெளி ஒளிந்துள்ளது. திருத்த வேண்டியது பதிவேட்டையே அன்றிப் பட்டியலை அன்று.

FILTER செயற்கூறு எக்செல் 2021, மைக்ரோசாப்ட் 365 ஆகியவற்றில் உண்டு. எக்செல் 2019இலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் இவ்வாய்பாட்டை உள்ளிட்டால் #NAME? என்னும் செய்தியே கிடைக்கும். கூகுள் தாள்களில் இதே பெயருடைய செயற்கூறு இருப்பினும், அங்கு மூன்றாம் இடத்தில் வருவது மற்றொரு நிபந்தனையாகக் கொள்ளப்படும். "இல்லை" என்னும் சொல்லை அங்கு இடுதல் கூடாது.

கற்பவை கற்றபின்…

1. பாடத்தின் பதிவேட்டில் 28-07-2024 அன்று தவணை கடந்தோர் எவரெவர்? அதன்பின் மாற்றம் ஏதும் பதியப்படாவிடில், மலர்விழியின் பெயர் எந்நாளில் பட்டியலில் சேரும்?
2. 11-அ வகுப்பினருள் நூலைத் தராதவரை மட்டும் காட்டும் வாய்பாட்டை எழுதுக.
3. மேற்கண்ட வாய்பாட்டில் பெருக்கலுக்கு மாறாகக் கூட்டலை இட்டால் எவரெவர் பெயர்கள் தோன்றும்? காரணம் கூறுக.