வெள்ளைப்படுதலா, சிறுநீரா, பனிக்குட நீரா?

கர்ப்பிணிகள் உள்ளாடை நனைந்ததைக் கண்டு அஞ்சி எங்களிடம் வரும்போது, பெரும்பாலும் அது இயல்பான வெள்ளைப்படுதலாகவே இருக்கிறது. எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. பனிக்குட நீர் கசிவதைச் சிறுநீர் என்று எண்ணி, ஓரிரு நாட்கள் வீட்டிலேயே இருந்துவிடுவோரும் உள்ளனர். பனிக்குடம் உடைந்தபின் நேரம் செல்லச் செல்லத் தாய்க்கும் குழந்தைக்கும் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடும். எனவே இந்த மூன்றையும் வேறுபடுத்தி அறிவது அவசியம்.

வெள்ளைப்படுதலும் பூஞ்சைத் தொற்றும்

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் வெள்ளைப்படுதல் அதிகரிக்கும். அது மெல்லியதாக, வெண்மையாக அல்லது பால் போல, துர்நாற்றமின்றி இருந்தால் இயல்பானதே. ‘உடம்புச் சூடு’ இதற்குக் காரணமன்று. வெள்ளை, தயிர்த்திரள் போல மாறி, அரிப்பும் எரிச்சலும் சேர்ந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சையின் தொற்று. இதற்கு க்ளோட்ரிமசோல் மாத்திரையைப் பிறப்புறுப்பினுள் வைக்குமாறு, வழக்கமாக ஏழு இரவுகளுக்குத் தருகிறோம். மருந்துக் கடையில் கேட்டு, விழுங்கும் பூஞ்சை மாத்திரையைத் தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது. கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கிறோம். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும். மீன் வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர் பட்டால் அது வேறு தொற்று; அதற்கு மருந்தும் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு

பர்கூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருக்கு 33 வாரக் கர்ப்பம். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து வைத்துக்கொண்டிருக்கிறார். சில வாரங்களாகவே இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சில துளிகள் சிறுநீர் கசிந்து, உடனே நின்றுவிடுகிறது. ஓர் இரவு படுக்கையிலிருந்து எழுந்ததும் தொடை வரை நனைகிறது. மருந்து கரைந்து வருகிறதா, சிறுநீரா என்று அவருக்குப் புரியவில்லை.

கரைந்த மருந்து வெண்மையாகக் களிம்பு போல வரும். தண்ணீர் போல ஓடாது. மற்ற இரண்டையும் அறிய வீட்டிலேயே ஓர் எளிய சோதனை உண்டு. முதலில் சிறுநீரை முழுவதுமாகக் கழித்துவிட்டு, நன்கு துடைத்து, வெள்ளை நிற நாப்கின் ஒன்றை வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய சேலைத் துணியின் சாயம் நீரின் நிறத்தை மறைத்துவிடும். அரை மணி நேரம் படுத்திருந்து, பின் எழுந்து நின்று இருமிப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை காலியாக இருந்தும் நாப்கின் மீண்டும் நனைந்தால், அது பனிக்குட நீராக இருக்கலாம். அந்நீர் நிறமற்றோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்கும். சிறுநீரின் நெடி இராது. அடக்க முயன்றாலும் நிற்காது.

அந்தப் பெண்ணின் நாப்கின் இருமுறையும் நனைகிறது. அவர் அதையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறார். நாங்கள் விரலால் பரிசோதிப்பதைக் கூடியவரை தவிர்த்து, கருவியால் பிறப்புறுப்பை மெல்ல விரித்து, உள்ளே நீர் தேங்கியுள்ளதா என்று பார்ப்போம். நிறம் மாறும் சோதனைத் தாளும் உதவும். பிறப்புறுப்பு இயல்பில் அமிலத்தன்மை உடையது. பனிக்குட நீர் அப்படியன்று. ஆனால் இரத்தம், விந்து, சில தொற்றுகள் ஆகியவையும் தாளின் நிறத்தை மாற்றிவிடும். ஆகவே தாளை மட்டும் நம்பி நாங்கள் முடிவு செய்வதில்லை.

நீர் தேங்கியிருப்பது தெரிந்தால், அவரை உள்நோயாளியாகச் சேர்த்து, தொற்றைத் தடுக்கும் மருந்தும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியும் தருவோம். ஒரு நாள் தாமதித்திருந்தால், அந்த ஊசி வேலை செய்யத் தேவையான நேரமே கிடைக்காமல் போயிருக்கக்கூடும்.

நாப்கின் உலர்ந்திருந்தால்?

பெரும்பாலும் அது சிறுநீராகவே இருக்கும். எனினும் சிறு கசிவு விட்டுவிட்டு வரக்கூடும். குழந்தையின் தலை வழியை அடைத்து நீரைத் தடுத்துக்கொண்டும் இருக்கலாம். ஆகவே மீண்டும் நனைந்தாலோ ஐயம் நீங்காவிட்டாலோ வந்து காட்டுங்கள். சிறுநீர்தான் என்று தெரிந்தாலும், எரிச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை தேவை.

சோதனை செய்து காத்திராமல் உடனே வர வேண்டியவை

• நீர் பீறிட்டு வருதல். பச்சை, பழுப்பு நிறம், இரத்தம் அல்லது துர்நாற்றம்
• காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல்
• 37 வாரங்களுக்கு முன் நீர்க்கசிவுடன் வயிற்றுவலி
• தொப்புள்கொடி வெளியே தென்படுதல். அப்போது முழங்காலிட்டு, மார்பைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தியபடி இருங்கள். உடனிருப்பவர் 108ஐ அழைக்கட்டும்.

வரும்போது நனைந்த நாப்கினைப் பையில் இட்டு எடுத்து வாருங்கள். நீர் முதலில் வந்த நேரத்தையும் குறித்து வாருங்கள். அதன்பின் உறவு கொள்வதையும், பிறப்புறுப்பினுள் துணியோ பஞ்சோ வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.