தவணை குறைவு, வட்டி அதிகம்!

பழைய வீடொன்றை 5 வருடங்களுக்கு முன் 20 வருடக் கடனில் வாங்கிய ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மொட்டைமாடி ஒழுகுகிறது, சமையலறைச் சுவரெல்லாம் ஓதம். கொத்தனார், பிளம்பர், டைல்ஸ் என எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகும் போலிருக்கிறது.

தனிநபர் கடனுக்கு 13 சதவீத வட்டி. வீட்டுக் கடன் கொடுத்த வங்கியே, அதே வீட்டின் பேரில் 9 சதவீதத்துக்கு டாப்-அப் கடன் தரத் தயார். எதை வாங்குவது என்று கேட்கவே வேண்டியதில்லை என்று தோன்றும். சிக்கல் வட்டி விகிதத்தில் இல்லை, வருடத்தில் இருக்கிறது.

தனிநபர் கடனை 5 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 13,650 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 2.19 லட்சம். டாப்-அப்பையோ வீட்டுக் கடனின் மிச்சக் காலமான 15 வருடத்துக்கும் நீட்டித் தருவது வழக்கம். தவணை 6,090 ரூபாய்தான். ஆனால் வட்டி மட்டும் 4.95 லட்சம்! குறைந்த வட்டிக் கடனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வட்டி கட்டியாகிறது.

அதே டாப்-அப்பை 5 வருடத்துக்குக் கேட்டு வாங்கினால் தவணை 12,455 ரூபாய், வட்டி 1.47 லட்சம். தனிநபர் கடனைவிட 72,000 ரூபாய் மிச்சம். ஆகவே விண்ணப்பத்தில் காலத்தை நாமே எழுதிக் கேட்க வேண்டும். வங்கி நீண்ட காலத்துக்கே கொடுத்தாலும், கையில் பணம் சேரும்போதெல்லாம் அசலில் கட்டலாம். தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தனிநபர் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி. அங்கே அபராதம் இருக்கலாம்.

டாப்-அப்புக்கு அலைச்சல் உண்டு. தவணை தவறாமல் கட்டிய கணக்கு வேண்டும், வீட்டை மறுபடி மதிப்பிடுவார்கள், அனுமதியில்லாமல் எழுப்பிய மாடி அறை அப்போது மாட்டிக்கொள்ளும். அடமானப் பதிவுச் செலவும் வரலாம். ஒரு லட்சம் ஒன்றரை லட்சம் வேலைக்கு, மழைக்கு முன் முடிக்க வேண்டிய அவசரத்தில், தனிநபர் கடனே தோது. அதில் வீடு அடமானத்தில் இல்லை என்பதும் சிறிய விஷயமல்ல.

வரிச் சலுகைக்காக டாப்-அப் என்று சிலர் சொல்வது பாதி உண்மை. பழைய வரிமுறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 30,000 ரூபாய் வரைதான் கழிவு. வீட்டுக் கடன் வட்டிக்கான 2 லட்ச வரம்புக்குள்ளேயே இதுவும் அடங்கும். பணம் வீட்டு வேலைக்கே போனது என்று பில்லோடு காட்ட முடிந்தால் தனிநபர் கடனுக்கும் இது பொருந்தும். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இரண்டிலும் கழிவு இல்லை.